நூற்றில் பதினெட்டு: படிப்பின் ஓட்டத்தை வரைந்து பார்த்தல்



1927 மார்ச் 12 அன்று பம்பாய் சட்டமன்றத்தில் கல்வி மானியம் பற்றிய விவாதம் நடந்தது. அம்பேத்கர் நியமன உறுப்பினராகப் பதவியேற்று ஒரு மாதம்கூட நிறைந்திருக்கவில்லை. எழுந்து பேசிய அவர் உணர்ச்சியில் தொடங்கவில்லை, எண்களில் தொடங்கினார். ஆரம்பப் பள்ளியில் நுழையும் நூறு பிள்ளைகளில் 18 பேர்தான் நான்காம் வகுப்பை எட்டுகிறார்கள், மீதி 82 பேர் மறுபடியும் எழுத்தறியாமைக்கே திரும்பிவிடுகிறார்கள் என்றார். அடுத்து, மாகாண மக்களை அன்றைய கல்வித் துறை பிரித்திருந்த நான்கு பிரிவுகளாக எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று சொன்னார். முன்னேறிய இந்துக்கள், முகமதியர், இடைநிலை வகுப்பினர், பின்தங்கிய வகுப்பினர் என்பவை அந்த நான்கு. தீண்டப்படாதவர்கள் அன்று கடைசிப் பிரிவுக்குள் அடக்கம்.

இரண்டு ஓரங்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஆரம்பக் கல்வியில் முன்னேறிய இந்துக்கள் ஆயிரத்துக்கு 119 பேர், பின்தங்கியவர்கள் ஆயிரத்துக்கு 18 பேர். உயர்நிலைக் கல்வியில் முன்னேறியவர்கள் லட்சத்துக்கு 3,000 பேர், பின்தங்கியவர்கள் லட்சத்துக்கு 14 பேர். கல்லூரியில் முன்னேறியவர்கள் இரண்டு லட்சத்துக்கு 1,000 பேர், பின்தங்கியவர்கள் யாரும் இல்லை, இருந்தால் ஒருவர்.

இதைப் படிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். மூன்று படிகளுக்கும் வகுக்கும் எண் வேறு: ஆயிரம், லட்சம், இரண்டு லட்சம். மேலே போகப்போக ஆட்கள் அவ்வளவு அருகிவிடுகிறார்கள், ஆயிரத்தை வைத்துக்கொண்டு கணக்குச் சொல்ல முடியவில்லை. மூன்றையும் இரண்டு லட்சத்துக்கு என்று மாற்றினால், முன்னேறியவர்கள் 23,800, 6,000, 1,000 என்று இறங்குகிறார்கள். பின்தங்கியவர்கள் 3,600, 28, பூஜ்யம் என்று இறங்குகிறார்கள்.

இப்போது ஒரு ஸ்கேலை எடுத்து வரைந்து பாருங்கள். நூறு பேருக்கு ஒரு மில்லிமீட்டர் அகலம் என்று வைத்துக்கொண்டால் முன்னேறியவர்களின் பட்டை 238 மில்லிமீட்டரில் தொடங்கி, 60 ஆகி, 10-இல் முடியும். நம்முடைய பட்டை 36 மில்லிமீட்டரில் தொடங்கும். உயர்நிலைப் பள்ளிக்கு வரும்போது 0.28 மில்லிமீட்டர். கையில் இருக்கும் பேனாவின் கோடே அதைவிடத் தடிமன். அதற்குமேல் வரைய ஒன்றும் இல்லை.

இப்படி அகலத்தால் ஆட்களைக் காட்டும் முறை அதற்கும் முந்தையது. பிரெஞ்சுப் பொறியாளர் சார்ல் ஜோசப் மினார் 1869-இல் நெப்போலியனின் 1812 ருஷ்யப் படையெடுப்பை ஒரே பட்டையாக வரைந்தார். பத்தாயிரம் பேருக்கு ஒரு மில்லிமீட்டர் அகலம். எல்லையில் 4,22,000 பேரோடு தொடங்கும் பட்டை மாஸ்கோவரை மெலிந்துகொண்டே போகிறது. திரும்பி வருவது 10,000 பேர், அதாவது ஒரு மில்லிமீட்டர். அந்தப் படத்தில் பலரும் கவனிக்காத ஓர் இடம் உண்டு. திரும்பும் வழியில் 20,000 ஆக மெலிந்துவிட்ட பட்டை திடீரென்று 50,000 ஆகத் தடிக்கிறது. மாண்டவர்கள் யாரும் எழுந்து வரவில்லை. பக்கவாட்டில் நிறுத்தி வைத்திருந்த இன்னொரு படையின் 30,000 பேர் வந்து சேர்ந்தார்கள். மினார் அந்தக் கிளையைத் தனியாக வரைந்து காட்டியிருப்பதால் நமக்குத் தெரிகிறது. 20,000, 50,000 என்று எண்களை மட்டும் பட்டியலிட்டிருந்தால் படை தேறிவிட்டது என்று படித்திருப்போம். இந்த இடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவோம்.

2010-இல் மார்ட்டின் ரோஸ்வால், கார்ல் பெர்க்ஸ்ட்ராம் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அறிவியல் துறைகள் ஆண்டுக்கு ஆண்டு எப்படிப் பிரிகின்றன, சேர்கின்றன என்று காட்ட ஒரு படத்தை வரைந்தார்கள். அதற்கு ஆற்று வண்டலை வைத்துப் பெயரிட்டார்கள். தமிழில் வண்டல் வரைபடம் எனலாம். ஆண்டுக்கு ஒரு தூண். தூணுக்குள் அடுக்கடுக்காகக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டமும் ஒரு பாடப்பிரிவு அல்லது ஒரு நிலை. ஒரு தூணின் கட்டத்திலிருந்து அடுத்த தூணின் கட்டத்துக்குப் பட்டைகள் ஓடுகின்றன. பட்டையின் அகலம் அத்தனை ஆட்கள். காவிரிப் பாசனத்தை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. தலைமடையில் எவ்வளவு விட்டார்கள், எந்த வாய்க்காலில் எவ்வளவு திரும்பியது, கடைமடைக்கு எவ்வளவு வந்தது என்ற கேள்விதான்.

அம்பேத்கரின் எண்களை நாம் வரைந்த படம் ஆற்றைப் போலத் தெரிந்தாலும் அது வண்டல் வரைபடம் அல்ல. இதைச் சொல்லாமல் போனால் அவருக்கு நேர்மையாக இருக்க மாட்டோம். உயர்நிலையில் இருந்த அந்த 28 பேர், ஆரம்பப் பள்ளியில் இருந்த 3,600 பேரிலிருந்து வந்தவர்கள் இல்லை. ஒரே காலத்தில் மூன்று படிகளில் நின்றவர்களின் எண்ணிக்கை அது. அது இருப்பைச் சொல்கிறது, ஓட்டத்தைச் சொல்வதில்லை. அவருடைய கையில் அரசு கொடுத்தது இருப்புக் கணக்கு மட்டுமே. அதை வைத்துக்கொண்டே அரசின் வாயை அடைத்தார் என்பது வேறு விஷயம்.

ஓட்டத்தை அளக்கும் முயற்சியாக 1929-இல் ஹார்டாக் குழுவின் அறிக்கை வந்தது. சைமன் குழுவுக்குத் துணையாகக் கல்வியை ஆராய்ந்த குழு அது. 1922-23-இல் முதல் வகுப்பில் இருந்த நூறு பேருக்கு, 1925-26-இல் நான்காம் வகுப்பில் இருந்தவர்கள் 18 பேர் என்று அது பிரிட்டிஷ் இந்தியா முழுமைக்கும் கணக்கிட்டது. அதே பதினெட்டு. இந்தக் குழு இழப்பை இரண்டாகப் பிரித்தது. படிப்பை விட்டுப் போவதற்கு விரயம் என்று பெயர், ஒரே வகுப்பில் ஒன்றுக்கு மேற்பட்ட ஆண்டு உட்கார்ந்திருப்பதற்குத் தேக்கம் என்று பெயர். (யாருடைய விரயம் என்று கேட்கத் தோன்றுகிறது. விரயமானது அரசின் பணம் என்றே அந்தச் சொல் நினைக்கிறது.)

இந்தக் கணக்கிலும் ஆட்களைப் பின்தொடரவில்லை. ஓர் ஆண்டின் முதல் வகுப்பு எண்ணிக்கையை மூன்று ஆண்டு கழித்து நான்காம் வகுப்பு எண்ணிக்கையோடு வைத்துப் பார்த்தார்கள். சிக்கல் எங்கே என்றால், முதல் வகுப்பில் இருந்த நூறு பேரில் அந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்தவர்களும் உண்டு, இரண்டாம் ஆண்டாகவும் மூன்றாம் ஆண்டாகவும் அதே மணலில் எழுதிக்கொண்டிருந்தவர்களும் உண்டு. தேங்கியவர்கள் சேரச்சேர முதல் வகுப்பு வீங்குகிறது. வீங்கிய எண்ணை அடியில் வைத்து வகுத்தால் ஓடிப்போனவர்கள் உண்மையில் இருந்ததைவிட அதிகமாகத் தெரிவார்கள். ஆக, 82 பேரும் பள்ளியை விட்டு ஓடியவர்கள் இல்லை. அவர்களில் ஒரு பகுதியினர் பள்ளிக்கு உள்ளேயே, முதல் வகுப்பிலேயே, யாரும் எதுவும் கற்றுத்தராமல் உட்கார வைக்கப்பட்டிருந்தார்கள். நம் சேரிப் பிள்ளைகள் பள்ளியின் திண்ணையிலும் வாசலிலும் உட்காரவைக்கப்பட்ட காலம் அது. ஓட்டத்தை வரைந்திருந்தால் முதல் வகுப்பிலிருந்து முதல் வகுப்புக்கே போகும் ஒரு தடித்த பட்டை தெரிந்திருக்கும். அப்போது பிள்ளைகளை ஏன் அனுப்பவில்லை என்று பெற்றோரைக் கேட்கிற கேள்வி, அனுப்பிய பிள்ளையை என்ன செய்தீர்கள் என்று ஆசிரியரைக் கேட்கிற கேள்வியாக மாறியிருக்கும்.

இருப்புக்கும் ஓட்டத்துக்கும் உள்ள வேறுபாடு இன்று இன்னும் நுட்பமான இடத்துக்குப் போய்விட்டது. ஓர் எடுத்துக்காட்டைப் போட்டுப் பார்ப்போம். விளங்குவதற்காக நாமே வைத்துக்கொள்ளும் எண்கள் இவை, எந்தக் கல்லூரியின் கணக்கும் அல்ல.

ஒரு பொறியியல் கல்லூரியில் ஒரு துறை, 60 இடங்கள். தமிழ்நாட்டின் 18 விழுக்காட்டின்படி பட்டியல் சாதியினர் 11 பேர். முதலாம் ஆண்டில் 60 பேர், அதில் நம் பிள்ளைகள் 11. இரண்டாம் ஆண்டில் 60 பேர், அதில் நம் பிள்ளைகள் 11. மூன்றாம் ஆண்டிலும் நான்காம் ஆண்டிலும் அப்படியே. கல்லூரி ஆண்டறிக்கையில் இந்த நான்கு வரிகளையும் பார்க்கிறவர் ஒருவரும் விலகவில்லை என்று மகிழ்ந்துபோவார்.

இப்போது பெயர்ப் பட்டியலை எடுத்து ஆள் ஆளாகப் பின்தொடர்வோம். முதலாம் ஆண்டு முடிவில் ஆறு பேர் இல்லை. அவர்களில் மூவர் நம் பிள்ளைகள். இரண்டாம் ஆண்டுத் தொடக்கத்தில் பாலிடெக்னிக் முடித்த ஆறு பேர் லேட்டரல் என்ட்ரியில் நேரடியாக வந்து சேர்கிறார்கள். டிப்ளமோ முடித்தவர்களை இரண்டாம் ஆண்டில் சேர்க்க விதி இடம் தருகிறது. அதற்கென்று கூடுதல் இடங்கள் உண்டு, முதலாம் ஆண்டில் காலியான இடங்களையும் அதில் நிரப்பலாம். அந்த ஆறு பேரில் மூவர் நம் பிள்ளைகள். பதினொன்றில் மூன்று போய் மூன்று வந்தால் மீண்டும் பதினொன்று. மாஸ்கோவிலிருந்து திரும்பும் வழியில் வந்து சேர்ந்த படை இதுதான்.

பாலிடெக்னிக் வழியாக வந்த மூவரும் நம்மவர்களே. அந்த வழி திறந்திருப்பது நமக்குக் கிடைத்த நல்ல விஷயங்களில் ஒன்று. அவர்கள் வந்ததைக் காட்டி, போனவர்களை மறைப்பதுதான் சிக்கல். வண்டல் வரைபடத்தில் இதை மறைக்க முடியாது. இரண்டாம் தூணில் ‘பாலிடெக்னிக்’ என்ற கட்டத்திலிருந்து ஒரு பட்டை உள்ளே வரும், முதல் தூணிலிருந்து ஒரு பட்டை வெளியே போகும். வெளியே போகும் பட்டை எங்காவது போய்ச் சேர வேண்டும். அங்கேதான் அடுத்த கேள்வி தொடங்குகிறது.

கணினியில் இந்தப் படத்தை வரையும்போது, எந்த ஆண்டின் விவரம் காலியாக இருக்கிறதோ அந்த மாணவரின் வரியை முழுவதும் நீக்கிவிட்டு வரைவது வழக்கம். தரவைச் சுத்தம் செய்வது என்று அதற்குப் பெயர். சுத்தம் செய்த பிறகு படம் அழகாக இருக்கும். எல்லாப் பட்டைகளும் கடைசிவரை ஓடும், ஏனென்றால் ஓடி முடித்தவர்கள் மட்டுமே மிஞ்சியிருக்கிறார்கள். இடையில் நின்றவர் ஒருவரும் முதல் தூணில்கூட இருக்க மாட்டார். இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. முதல் தூணின் கூட்டுத்தொகையை அந்த ஆண்டின் சேர்க்கைப் பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். குறைந்தால் ஆட்களைக் கழித்துவிட்டு வரைந்திருக்கிறார்கள். ஆகவே காலி இடம் என்று எதையும் விடக்கூடாது. ‘படிப்பை நிறுத்தியவர்’ என்று ஒரு கட்டம், ‘தகவல் இல்லை’ என்று வேறொரு கட்டம், இரண்டும் எல்லாத் தூண்களிலும் இருக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாக்கவும் கூடாது. நின்றுவிட்டார் என்பது ஒரு செய்தி. தெரியாது என்பது பதிவேட்டை வைத்திருப்பவரைப் பற்றிய செய்தி.

கடைசித் தூணிலும் கவனம் வேண்டும். நான்காம் ஆண்டு வகுப்பில் இருந்தார் என்பதோடு பல படங்கள் முடிந்துவிடுகின்றன. அதற்குப் பிறகு ஒரு தூண் வைத்து ‘பட்டம் பெற்றவர்’, ‘அரியரோடு நிற்பவர்’ என்று பிரித்துப் பாருங்கள். நான்கு ஆண்டும் வருகைப் பதிவேட்டில் இருந்து, கல்விக் கடனையும் வாங்கி, கடைசியில் இரண்டு தாளுக்காகப் பட்டம் இல்லாமல் ஊரில் இருக்கும் தம்பி தங்கைகள் நம் ஒவ்வொருவருக்கும் தெரியும். ஹார்டாக் குழு தேக்கம் என்று சொன்னது முதல் வகுப்பிலிருந்து எட்டாம் செமஸ்டருக்கு இடம் மாறியிருக்கிறது.

2023 டிசம்பரில் ஒன்றிய கல்வித் துறை மக்களவையில் ஒரு பதிலைத் தந்தது. முந்தைய ஐந்து ஆண்டுகளில் மத்தியப் பல்கலைக்கழகங்கள், ஐஐடிகள், ஐஐஎம்கள் ஆகியவற்றிலிருந்து வெளியேறிய பட்டியல் சாதி, பழங்குடி, இதர பிற்படுத்தப்பட்ட மாணவர்கள் 13,626 பேர். பட்டியல் சாதியினரை மட்டும் பார்த்தால் மத்தியப் பல்கலைக்கழகங்களிலிருந்து 2,424, ஐஐடிகளிலிருந்து 1,068, ஐஐஎம்களிலிருந்து 188. காரணமாகச் சொல்லப்பட்டது இதுதான்: மாணவர்களுக்குப் பல வாய்ப்புகள் இருக்கின்றன, அவர்களே விரும்பி ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கும் ஒரு படிப்பிலிருந்து இன்னொன்றுக்கும் மாறிச் செல்கிறார்கள்.

இந்தப் பதிலைக் கேட்டு நம்மில் பலர் கோபப்பட்டோம். கோபத்தைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு, அதை அப்படியே ஏற்றுக்கொண்டு வரையத் தொடங்குவோம். மாறிச் சென்றார்கள் என்றால் பட்டைக்கு மறுமுனை இருக்க வேண்டும். ஐஐடியில் நின்ற அந்த 1,068 பேரின் பட்டை எந்த நிறுவனத்தின் எந்தப் படிப்புக்குள் நுழைகிறது? அந்தப் பதில் இதைப் பிரித்துச் சொல்லவில்லை. தொடக்கத்தை எண்ணி வைத்திருக்கிற அரசு முடிவை எண்ணாமல், அதற்கு வாய்ப்பு என்று பெயர் மட்டும் வைக்கிறது.

விருப்பமான மாற்றத்துக்கு இன்னொரு அடையாளமும் உண்டு. ஆட்கள் விரும்பி இடம் மாறும் இடத்தில் பட்டைகள் இரு திசையிலும் ஓடும். இயற்பியலிலிருந்து பொருளியலுக்குச் சிலர் போவார்கள், பொருளியலிலிருந்து வேறு சிலர் வருவார்கள். நம் பிள்ளைகளின் பட்டை ஒரு திசையில் மட்டும், சந்தையில் மதிப்புக் கூடிய படிப்பிலிருந்து குறைந்த படிப்பை நோக்கி மட்டும் ஓடினால், அதை விருப்பம் என்று அழைக்கத் தயங்க வேண்டும். அதுவும் போதாது. அதே அளவுகோலில், அதே ஆண்டுகளுக்கு, பொதுப் பிரிவு மாணவர்களின் படத்தையும் பக்கத்தில் வைக்க வேண்டும். அங்கேயும் அதே விகிதத்தில் அதே திசையில் ஓடினால் காரணம் சாதிக்கு வெளியே இருக்கலாம் என்பதை நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். வேறாக இருந்தால் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்.

நம் பள்ளிகளுக்கு வருவோம். தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி 1978-இல் வந்ததிலிருந்து பிள்ளைகளின் வழி பிரிவது பதினோராம் வகுப்பில்தான். ஃபர்ஸ்ட் குரூப், சயின்ஸ் குரூப், காமர்ஸ், தொழிற்கல்வி என்று ஊரே அறிந்த வரிசை. ஜூனில் ஃபர்ஸ்ட் குரூப்பில் உட்கார்ந்த பிள்ளை ஆகஸ்டில் தொழிற்பிரிவில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறோம். ‘உனக்குக் கணக்கு வராதுப்பா, அங்கே போனால் பாஸாவது ஆவாய்’ என்று அன்பாகச் சொல்லித்தான் அனுப்புவார்கள். ஆண்டிறுதித் தேர்வுக்கான பெயர்ப்பட்டியல் தயாராகும்போது கடைசியாக இருந்த குரூப்தான் அதில் ஏறும். முதலில் எங்கே உட்கார்ந்தார் என்பதற்கு ஜூன் மாத வருகைப் பதிவேடு மட்டுமே சாட்சி. ஆகவே பள்ளியில் இந்தப் படத்தை வரைய நினைப்பவர்கள் பதினோராம் வகுப்புக்கு ஒரு தூண் வைத்தால் போதாது. ஜூனுக்கு ஒன்று, ஆண்டிறுதித் தேர்வுப் பட்டியலுக்கு ஒன்று என்று இரண்டு வேண்டும். நடப்பது அந்த இரண்டு தூண்களுக்கும் நடுவில்தான்.

அதேபோல டி.சி. வாங்காமல் நின்றுபோன பிள்ளை பதிவேட்டில் மாணவராகவே தொடர்வார். மாற்றுச் சான்றிதழ் வாங்கியவருக்கும் காரணக் கட்டத்தில் ‘மேற்படிப்புக்காக’, ‘பெற்றோர் விருப்பம்’ என்று இரண்டில் ஒன்றை எழுதிவிடுவது வழக்கம். அந்தக் கட்டத்தை நம்பி வரைந்தால் எல்லாப் பட்டையும் மேற்படிப்புக்கே போகும். பதிவேட்டிலிருந்து பெயரை எடுக்கலாம். போன இடத்தை வீட்டுக்குப் போய்த்தான் கேட்க வேண்டும்.

நிறம் பற்றி ஒரு வார்த்தை. பட்டைகள் ஒரு கட்டத்துக்குள் நுழைந்ததும் கலந்துவிடும். மூன்றாம் தூணில் காமர்ஸிலிருந்து வெளியேறும் பத்துப் பேர், முதல் தூணில் எங்கே இருந்தவர்கள் என்று தெரியாமல் போகும். அதனால் முதலில் கொடுத்த நிறத்தைக் கடைசிவரை மாற்றாமல் கொண்டுபோக வேண்டும். எதற்கு நிறம் கொடுக்கிறோம் என்பதும் நாம் எடுக்கும் முடிவு. சாதிக்கு நிறம் கொடுத்தால் ஒரு கதை தெரியும், பெற்றோரின் கூலி வேலைக்குக் கொடுத்தால் வேறொன்று தெரியும். ஆண், பெண் என்று பிரித்தால் நம் வீட்டுக்குள்ளேயே நடப்பதும் தெரியும். அதை வரையவும் நமக்குத் துணிச்சல் வேண்டும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. சிறிய ஊரில், ஒரே ஒரு ஆளின் அகலமுள்ள பட்டை என்பது பெயர் எழுதாத பெயர்தான். ‘பத்தாம் வகுப்பு, பட்டியல் சாதி, பெண், திருமணம்’ என்று ஒருவரைக் காட்டும் பட்டையை ஊரே அடையாளம் கண்டுவிடும். ஐந்து பேருக்குக் கீழே உள்ள பட்டைகளைச் சேர்த்து ஒன்றாக வரையுங்கள், அல்லது இரண்டு மூன்று பள்ளிகளின் கணக்கை ஒன்றாக்குங்கள். நம் பிள்ளைகளுக்காக வரையும் படம் அவர்களைக் காட்டிக்கொடுக்கக் கூடாது.

இந்தச் சொற்பொழிவு யார் நினைவாக நடக்கிறதோ, அந்த ஆசிரியர் இந்த வரைபடத்தின் பெயரைக் கேட்டிருக்க மாட்டார். ஆனால் அவரிடம் நீளவாக்கில் கோடு போட்ட ஒரு பழைய கணக்குப் பேரேடு இருந்தது. காலனியில் பத்தாம் வகுப்பு எழுதும் ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கும் ஒரு வரி. ஒவ்வொரு ஜூனிலும் வீடு வீடாகப் போய் அந்த ஆண்டின் கட்டத்தை நிரப்புவார். ‘ஐ.டி.ஐ.’, ‘பி.ஏ. தமிழ்’, ‘திருப்பூர்’, ‘கல்யாணம்’. விவரம் தெரியாத இடத்தில் ஒரு சின்னக் கோடு போட்டுப் பக்கத்தில் தேதி எழுதியிருப்பார், போய்க் கேட்டேன், தெரியவில்லை என்பதற்கு அடையாளமாக. அடுத்த ஜூனில் விவரம் கிடைத்தால் அந்தக் கோட்டின் மேலேயே எழுதுவார். சில வரிகளில் மூன்று, நான்கு கோடுகள் அடுத்தடுத்து இருக்கின்றன. பேரேடு இப்போது மன்றத்தில் இருக்கிறது. கடைசி ஆண்டின் கட்டங்கள் காலியாக இருக்கின்றன. வருகிற ஜூன் முதல் ஞாயிறு காலை எட்டு மணிக்கு மன்றத்திலிருந்து கிளம்புகிறோம்.